கோடு போட்ட சட்டையில் நெளியும் பட்டை: எந்த மோய்ரேக்கு எந்த வழி?

ஒரு டாக்டரின் பேட்டியை எடுத்துக்கொள்வோம். வெள்ளைத் துணியில் மெல்லிய நீலக் கோடு ஓடும் சட்டை. நேரில் பார்க்க அடக்கமாக, அழகாக இருக்கும். அதையே டைம்லைனில் போட்டதும் நெஞ்சுப் பக்கம் பச்சையும் ரோஸுமாகப் பட்டைகள் தெரிகின்றன. அவர் மூச்சு விடும்போதெல்லாம் அவை ஊர்கின்றன. கையை அசைத்தால் தோளில் இன்னொரு கூட்டம் கிளம்புகிறது. டாக்டர் சர்க்கரை நோயைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறார், பார்ப்பவர் கண் சட்டையை விட்டு நகர மறுக்கிறது.

இதற்கு எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி, க்ளிப் முழுவதற்கும் லேசாக ஒரு ப்ளர் போடுவது. போட்டால் கண் இமையும் முடியும் மழுங்கும், பட்டை அப்படியே நிற்கும். காரணம் எளிது. சட்டையில் இருந்தவை மெல்லிய கோடுகள். படத்தில் இருப்பதோ அந்தக் கோடுகளிலிருந்து பிறந்த அகலமான பட்டை. சின்ன ப்ளர் சின்ன விவரத்தைத்தான் அழிக்கும், நாற்பது பிக்சல் அகலப் பட்டையை அதனால் தொடவே முடியாது. அந்தப் பட்டை போகும் அளவுக்கு ப்ளர் போட்டால் டாக்டரின் முகமே போய்விடும்.

ஆக, முகத்தைத் தொடாமல் சட்டையை மட்டும் சரிசெய்ய என்னென்ன வழிகள் இருக்கின்றன, எது எந்த ஷாட்டுக்குப் பொருந்தும் என்பதுதான் கேள்வி. இப்படி நெளியும் பட்டையை மோய்ரே என்று ஒரே பெயரில் சொன்னாலும் இதில் மூன்று வகை உண்டு. ஒரே சட்டையில் மூன்றும் சேர்ந்தே வரலாம். வகை தெரியாமல் கருவியைத் தேர்ந்தெடுப்பதால்தான் பாதி நேரம் வீணாகிறது.

ஒரு சின்னக் கணக்கு

டாக்டரின் சட்டையில் ஒரு நீலக் கோடும் அதன் பக்கத்து வெள்ளையும் சேர்ந்து 1 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இதை ஒரு ‘ஜோடி’ என்போம். மிட் ஷாட்டில் ஃப்ரேமின் அகலம் சட்டை இருக்கும் தூரத்தில் 1.5 மீட்டர். 4கே படத்தில் குறுக்கே 3840 பிக்சல். அப்படியானால் ஒரு பிக்சலுக்கு 0.39 மில்லிமீட்டர் துணி, ஒரு ஜோடிக்குச் சுமார் 2.6 பிக்சல்.

ஒரு ஜோடியைச் சரியாகப் பதிவுசெய்யக் குறைந்தது இரண்டு பிக்சல் வேண்டும். 2.6 என்பது இரண்டுக்கு மேல். எனவே வெளிச்ச அளவில் அந்தக் கோடு தப்பிவிடுகிறது. ஆனால் பெரும்பாலான கேமராக்களில் சென்சாரின் ஒவ்வொரு பிக்சலும் மூன்று நிறங்களையும் பார்ப்பதில்லை. சிவப்பைப் பார்க்கும் பிக்சல் ஒன்று விட்டு ஒன்றுதான் வருகிறது, நீலமும் அப்படியே. அந்த நிறங்களுக்கு ஒரு ஜோடிக்கு நான்கு பிக்சல் தேவை. 2.6 போதாது. அதனால் சிவப்பும் நீலமும் தப்பாகப் பதிவாகி, இல்லாத பச்சையும் ரோஸும் உண்டாகின்றன. நெஞ்சில் தெரியும் வானவில் இதுதான். இது முதல் வகை, நிற மோய்ரே.

இனி தோளைப் பாருங்கள். துணி அங்கே வளைந்து பக்கவாட்டில் திரும்புகிறது. கேமராவின் பார்வையில் கோடுகள் நெருங்குகின்றன. 1 மில்லிமீட்டர் ஜோடி 0.7 மில்லிமீட்டராகத் தெரியும் இடத்தில் அதற்கு 1.8 பிக்சல்தான் கிடைக்கும். இரண்டுக்குக் கீழே. அங்கே வெளிச்சமே தப்பாகப் பதிவாகிவிடுகிறது. கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தாலும் பட்டை இருக்கும். இது இரண்டாம் வகை, வெளிச்ச மோய்ரே. எடிட்டிங் மென்பொருளில் இதை லூமா என்பார்கள்.

மூன்றாவது நாமே உண்டாக்குவது. 4கே படத்தில் 2.6 பிக்சலில் நல்லபடியாக இருந்த கோடு, 1080க்குச் சுருக்கும்போது 1.3 பிக்சலாகிறது. சுருக்கும் ஃபில்டர் அலட்சியமாக இருந்தால், மூலத்தில் இல்லாத பட்டை ரெண்டரில் புதிதாக முளைக்கும். கேமராமேனைத் திட்டுவதற்கு முன் இதைச் சரிபார்த்துவிடுவது நல்லது.

பட்டை ஏன் இவ்வளவு ஆட்டம் போடுகிறது என்பதும் இதே கணக்கில் அடங்கும். இரண்டு கொசுவலைகளை ஒன்றின்மேல் ஒன்று போட்டு ஒன்றை மட்டும் லேசாக இழுத்தால், வலை நகர்வதைவிட நிழல் கோலம் பல மடங்கு வேகமாக ஓடும். சட்டை வலையும் சென்சார் வலையும் அப்படித்தான். துணி ஒரு ஜோடி அளவு, அதாவது 1 மில்லிமீட்டர் நகர்ந்தால், பட்டை தன் முழு அகலத்துக்கு நகர்ந்துவிடும். பட்டை நாற்பது பிக்சல் அகலம் என்றால் ஒரு மூச்சில் நாற்பது பிக்சல் ஓட்டம். அந்த மினுமினுப்பு இப்படித்தான் வருகிறது.

எந்த வகை என்று கண்டுபிடிப்பது

எடிட்டரின் முன்னோட்டச் சாளரத்தை நம்பக்கூடாது. 4கே க்ளிப்பை அது பாதி அளவுக்குச் சுருக்கித்தான் காட்டுகிறது, அந்தச் சுருக்கலே மோய்ரேயை உண்டாக்கும். 100 சதவீதத்தில் பார்க்க வேண்டும். எனக்குப் பிடித்த வழி, சட்டைப் பகுதியை மட்டும் வெட்டி, நிறத்தை நீக்கிவிட்டு, FFmpeg மென்பொருளோடு வரும் ffplayஇல் ஓட்டிப் பார்ப்பது:

```
ffplay -vf "crop=1280:720:1280:1200,format=gray" doctor.mov
```

முதல் இரண்டு எண்களும் வெட்டும் சாளரத்தின் அகலமும் உயரமும். அடுத்த இரண்டும் அது தொடங்கும் இடம், உங்கள் ஃப்ரேமில் சட்டை இருக்கும் இடத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். இதில் பட்டை காணாமல் போனால் உங்களுக்கு இருப்பது நிற மோய்ரே மட்டும், நிம்மதியாக ஒரு டீ குடிக்கலாம். கறுப்பு வெள்ளையிலும் பட்டை ஊர்ந்தால் லூமாவும் கெட்டிருக்கிறது. இந்த இரண்டிலும் சுத்தமாக இருந்து, ரெண்டர் செய்த 1080 ஃபைலில் மட்டும் தெரிந்தால் மூன்றாம் வகை.

டாக்டரின் மிட் ஷாட்டில் நெஞ்சில் நிறம் மட்டும், தோளில் இரண்டும் என்று வரும். வைட் ஷாட்டில் ஃப்ரேம் 3 மீட்டர் அகலம் என்றால் ஒரு ஜோடிக்கு 1.3 பிக்சல்தான், சட்டை முழுக்க லூமா போயிருக்கும். க்ளோஸ் ஷாட்டில் ஃப்ரேம் 60 சென்டிமீட்டர் என்றால் ஒரு ஜோடிக்கு 6.4 பிக்சல், நேராகத் தெரியும் துணியில் எதுவும் இருக்காது. ஒரே ஆள், ஒரே சட்டை, மூன்று ஷாட்டுக்கு மூன்று முடிவு.

நிறம் மட்டும் கெட்டிருந்தால்

இங்கே இரண்டு வழி. ஒன்று, சட்டையை மாஸ்க் செய்து அதன் நிறச் செறிவை இறக்கிவிடுவது. இன்னொன்று, மாஸ்குக்குள் நிறத்தை மட்டும் ப்ளர் செய்வது.

நிறத்தை மட்டும் ப்ளர் செய்யும் வழியே என் முதல் தேர்வு. நம் கண் வெளிச்ச விவரத்தில் கறார், நிற விவரத்தில் தாராளம். 4:2:0வில் பதிவாகும் 4கே படத்தில் நிறம் ஏற்கெனவே 1920க்கு 1080 அளவில்தான் இருக்கிறது, யாரும் அதைக் கவனிப்பதில்லை. இன்னும் கொஞ்சம் மழுங்கினாலும் துணியின் இழை, பொத்தான், மடிப்பு எல்லாம் லூமாவில் கூர்மையாகவே நிற்கும். இது வேலை செய்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பொய் நிறங்கள் எதிர் எதிரான ஜோடியாகத்தான் வரும். பச்சைப் பட்டைக்குப் பக்கத்தில் ரோஸ், நீலத்துக்குப் பக்கத்தில் ஆரஞ்சு. இரண்டையும் கலந்துவிட்டால் ஒன்றை ஒன்று தின்றுவிட்டு, சட்டையின் உண்மை நிறம் மிஞ்சும்.

டாவின்சி ரிசால்வில் இப்படிச் செய்யலாம். வண்ணப் பக்கத்தில் முதல் நோடாக ஒன்றைச் சேருங்கள். கிரேடிங்குக்கும் நிறத்தை மாற்றும் LUTக்கும் முன்னால் அது இருக்க வேண்டும், ஏனென்றால் கான்ட்ராஸ்டும் செறிவும் ஏறிய பிறகு பொய் நிறமும் கூடவே ஏறியிருக்கும். நோடின் மேல் ரைட் க்ளிக் செய்து `Color Space` என்பதில் `Lab (CIE)` தேர்ந்தெடுங்கள். மறுபடி ரைட் க்ளிக், `Channels` என்பதில் `Channel 1`இன் டிக்கை எடுத்துவிடுங்கள். முதல் சேனல்தான் வெளிச்சம், இனி இந்த நோடில் எதைச் செய்தாலும் அது நிறத்தை மட்டுமே தொடும். `Blur` பகுதியில் `Radius` 0.50இல் இருக்கும். மெதுவாக ஏற்றுங்கள், பச்சையும் ரோஸும் கரையும் இடத்தில் நிறுத்துங்கள். இதற்கு இலவசப் பதிப்பே போதும்.

பிரீமியரில் அதே க்ளிப்பை மேல் ட்ராக்கில் இன்னொரு முறை போட்டு, மேலதற்கு `Gaussian Blur` கொடுத்து, `Blend Mode`ஐ `Color` என மாற்றி, `Opacity`யில் சட்டைக்கு மாஸ்க் வரைய வேண்டும். வெளிச்சம் கீழ்ப் படத்திலிருந்தும் நிறம் மேல் படத்திலிருந்தும் வரும்.

உட்கார்ந்து மாஸ்க் வரைவதற்கு முன், இந்த வழி பலிக்குமா என்று ஒரே வரியில் பார்த்துவிடலாம்:

```
ffplay -vf "crop=1280:720:1280:1200,format=yuv444p,gblur=sigma=10:planes=6" doctor.mov
```

`planes=6` என்பது வெளிச்சத்தை விட்டுவிட்டு நிறத் தளங்கள் இரண்டை மட்டும் ப்ளர் செய்யச் சொல்கிறது. `sigma` என்பது ப்ளரின் அளவு, 10 போதவில்லை என்றால் 20 போட்டுப் பாருங்கள்.

இந்த வழிக்கும் ஓர் எல்லை உண்டு. ப்ளரின் வீச்சு ஒரு பச்சை, ஒரு ரோஸ் சேர்ந்த அகலத்தைத் தாண்டினால்தான் இரண்டும் கலக்கும். பச்சை ஒரே திட்டாக நெஞ்சு முழுக்கப் பரவியிருந்தால் கலப்பதற்கு அதன் எதிர் நிறம் பக்கத்தில் இல்லை. ப்ளரை எவ்வளவு ஏற்றினாலும் வெளிறிய பச்சைச் சட்டைதான் கிடைக்கும். அந்த ஷாட்டில் செறிவை இறக்குவதே நல்லது. வெள்ளை, சாம்பல், கறுப்புச் சட்டை என்றால் மாஸ்குக்குள் செறிவைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோனாலும் எவருக்கும் தெரியாது. டாக்டரின் சட்டைக்கு அப்படிச் செய்தால் நீலம் போய்ச் சாம்பலாகிவிடும், அடுத்த நோடில் மெல்லிய நீலத்தைத் திரும்பப் பூச வேண்டும். க்ளோஸ் ஷாட்டில் நிஜ நீலம் தெரிகிறதல்லவா, அதைப் பக்கத்தில் வைத்துப் பொருத்தினால் கட் ஆகும்போது உறுத்தாது.

மாஸ்க் என்ற தலைவலி

எந்த வழியை எடுத்தாலும் மாஸ்க் வேண்டும், அது ஆளோடு நகரவும் வேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. ட்ராக்கர் படத்தில் எது நகர்கிறதோ அதைப் பிடித்துக்கொண்டு போகும். சட்டையில் நன்றாகத் தெரிவதும் வேகமாக நகர்வதும் மோய்ரே பட்டைதான். எனவே சட்டையின் மேல் சாளரம் போட்டு ட்ராக் கொடுத்தால், துணி அசையாமல் இருக்கும்போதே மாஸ்க் பட்டையோடு சேர்ந்து மிதந்து போவதைப் பார்க்கலாம். காலர் முனை, காலர் மைக்கின் க்ளிப், சட்டைப்பை விளிம்பில் சொருகிய பேனா போன்ற திடமான ஒன்றைப் பிடித்து, புள்ளி ட்ராக்கரில் ஓட்டினால் நிற்கும். ரிசால்வில் ட்ராக்கரை `Cloud Tracker`இலிருந்து `Point Tracker`க்கு மாற்றினால் புள்ளியை நாமே வைக்கலாம்.

அடுத்தது விளிம்பு. ப்ளர் என்பது பக்கத்துப் பிக்சல்களையும் இழுத்துக் கலப்பது. காலரின் ஓரத்தில் பக்கத்துப் பிக்சல் கழுத்துத் தோல். நிற ப்ளர் அதிகமானால் வெள்ளைக் காலரைச் சுற்றி ஒரு மாநிறப் புகை போலப் படியும். மாஸ்க்கைக் காலரிலிருந்து ப்ளரின் வீச்சு அளவுக்கு உள்ளே இழுத்தால் அது போய்விடும். காலரிலேயே வானவில் இருந்தால், காலருக்கு மட்டும் தனி மாஸ்க் போட்டு, ப்ளருக்குப் பதில் செறிவை இறக்குங்கள். செறிவு இறக்குவது பக்கத்துப் பிக்சலைத் தொடாது, புகையும் வராது. இரண்டு வழிகளையும் ஒரே ஷாட்டில் இப்படிப் பங்கு போட்டுக்கொள்ளலாம்.

கையை ஆட்டிப் பேசும் ஆள் என்றால், கை சட்டைக்குக் குறுக்கே வரும் ஃப்ரேம்களில் விரலின் நிறமும் வெளிறும். நிற ப்ளர் மட்டும் என்றால் அது அரை நொடி, பெரும்பாலும் கண்ணில் படாது. லூமாவையும் தொட்டிருந்தால் கட்டாயம் தெரியும், கைக்குத் தனி மாஸ்க் போட்டு விலக்க வேண்டும்.

வெளிச்சமே கெட்டிருந்தால்

இதில்தான் முடிவு எடுப்பது கடினம். லூமா மோய்ரேயில் உண்மைக் கோடு எங்கே போனது என்ற தகவலே ஃபைலில் கிடையாது. பொய்ப் பட்டை அதன் இடத்தில் உட்கார்ந்துவிட்டது. எந்தக் கருவியும் அசல் கோட்டை மீட்டுத் தராது, பட்டையை மறைக்க மட்டுமே முடியும். இதை முதலிலேயே ஏற்றுக்கொண்டால் பல மணி நேரம் மிச்சம்.

பலர் முதலில் கை வைப்பது நாய்ஸ் ரிடக்‌ஷனில், அதுவும் பல ஃப்ரேம்களைச் சேர்த்துச் சராசரி எடுக்கும் `Temporal NR`இல். ரிசால்வில் இது காசு கொடுத்து வாங்கும் Studio பதிப்பில்தான் இருக்கிறது. மினுமினுப்பு ஃப்ரேமுக்கு ஃப்ரேம் மாறுகிறது, சராசரி எடுத்தால் அடங்கிவிடும் என்பது நினைப்பு. ட்ரைபாடில் வைத்த கேமரா, ஜன்னல் கம்பிவலை அல்லது ஸ்பீக்கர் வலை போல அசையாத பொருள் என்றால் மெல்லிய மினுமினுப்பு இதில் அடங்கலாம், அசையாத பட்டை அப்படியே நிற்கும். சுவாசிக்கும் சட்டையில் அதுவும் நடக்காது. அந்தக் கருவி அசைவைக் கணித்து அதற்கேற்பச் சராசரி எடுக்கிறது. பட்டையின் ஓட்டத்தை அது உண்மை அசைவு என்று நம்பி, கவனமாகப் பாதுகாத்துக் கொடுக்கும். கணிப்பை நிறுத்திவிட்டு அளவை ஏற்றினால் கையசைவுக்குப் பின்னால் பேய் போல ஒரு நிழல் தொடரும். பேட்டிக்கு இந்த வழியை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இரண்டாவது வழி, மாஸ்குக்குள் நடுத்தர விவரத்தின் கான்ட்ராஸ்டைக் குறைப்பது. ரிசால்வில் `Mid/Detail` என்ற எண்ணைக் கழித்தலில் கொண்டுபோக வேண்டும், −40இல் தொடங்கிப் பார்க்கலாம். மோய்ரே பட்டை மெல்லிய இழைக்கும் பெரிய மடிப்புக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது, இந்தக் கருவி அந்த நடுப்பகுதியைத்தான் மட்டுப்படுத்துகிறது. பட்டை முழுக்கப் போகாது, ஆனால் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகிக்கும் அளவுக்கு இறங்கும். தோளில் கையகலத்துக்கு வரும் பட்டைக்கு இதுவே தாராளம். அதிகமாக இழுத்தால் துணி மெழுகு பூசியதுபோல் ஆகும், அந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும். இதோடு, க்ளிப்புக்குப் பொதுவாக ஷார்ப்பன் கொடுத்திருந்தால் சட்டைக்கு மட்டும் அதை விலக்குங்கள். முகத்துக்குக் கொடுக்கும் கூர்மையைச் சட்டைக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டு மோய்ரேயோடு மல்லுக்கட்டுவது அடிக்கடி நடக்கிறது.

மூன்றாவது, வைட் ஷாட்டுக்கான வழி. சட்டையைக் கோடில்லாத சட்டையாகவே மாற்றிவிடுவது. மாஸ்குக்குள் லூமாவையும் சேர்த்துப் பட்டையின் அகலத்துக்கு ப்ளர் கொடுங்கள். பெரிய மடிப்பு நிழல்கள் தங்கும், கோடும் பட்டையும் போய் வெளிர்நீலத் துணி மிஞ்சும். பொத்தான் பட்டை, பை விளிம்பு, மைக் மூன்றும் இதில் கரைந்துவிடும் என்பதால், அவற்றுக்குச் சின்னச் சின்ன மாஸ்க் வரைந்து ப்ளரிலிருந்து விலக்க வேண்டும். கடைசியில் சட்டைக்கு மட்டும் கொஞ்சம் கிரெயின் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் படம் முழுக்க நாய்ஸ் ஆடும்போது சட்டை மட்டும் பிளாஸ்டிக் போல உறைந்து நிற்கும், மோய்ரேயைவிட அது அசிங்கம். வைட் ஷாட்டில் கோடு இல்லை, க்ளோஸில் இருக்கிறது என்பதை யாராவது கண்டுபிடிப்பார்களா என்றால், மாட்டார்கள். நிஜத்திலும் தூரத்திலிருந்து பார்த்தால் மெல்லிய கோட்டுச் சட்டை ஒற்றை நிறமாகத்தானே தெரியும்.

ஆனால் இது உழைப்பு கேட்கும் வேலை. கைகள் குறுக்கே வரும் ஒரு நிமிட வைட் ஷாட்டுக்கு அரை நாள் போகலாம். இரண்டு கேமராவில் எடுத்த பேட்டி என்றால், வைட் ஷாட்டை ஆள் உட்காரும் இரண்டு நொடிக்கும் எழும் இரண்டு நொடிக்கும் மட்டும் வைத்துக்கொண்டு மீதியை க்ளோஸுக்கு மாற்றுவது மலிவான வழி. கட் செய்து தப்பிப்பது கலரிஸ்டுக்குக் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

சுருக்கும்போது வருவது

மூன்றாம் வகை இருப்பதிலேயே சுலபம், ஆனால் கவனிக்கப்படாதது. இங்கே மட்டும்தான் சின்ன ப்ளர் உண்மையில் மருந்து. பட்டை பிறந்த பிறகு ப்ளர் போட்டுப் பயன் இல்லை என்று முதலில் சொன்னேன். 4கேயிலிருந்து 1080க்குப் போகும்போது பட்டை இன்னும் பிறக்கவில்லை, பிறப்பதற்கு முன்னால் கோட்டை அடக்கிவிட முடியும்.

முதலில் சுருக்கும் ஃபில்டரை மாற்றிப் பாருங்கள். ரிசால்வில் திட்ட அமைப்பின் `Image Scaling` பகுதியில் `Resize Filter` இருக்கிறது, அது `Sharper` என்று இருந்தால் `Smoother` ஆக்குங்கள். முழுத் திட்டத்துக்கும் மாற்ற மனமில்லை என்றால் அந்த க்ளிப்புக்கு மட்டும் இன்ஸ்பெக்டரில் மாற்றலாம். பல ஷாட்டுகளில் கதை இங்கேயே முடிந்துவிடும்.

முடியாவிட்டால், 4கே டைம்லைனில் சட்டை மாஸ்குக்குள் மட்டும் லூமாவுக்கு ஒரு பிக்சல் அளவுக் காசியன் ப்ளர் கொடுங்கள். நம் 2.6 பிக்சல் கோட்டுக்குக் கணக்குப் போட்டால், சிக்மா 1 என்றால் கோட்டின் கான்ட்ராஸ்ட் சுமார் 5 சதவீதத்துக்கு இறங்கும், 1.2 என்றால் 1 சதவீதத்துக்குப் பக்கத்தில். அதன் பிறகு சுருக்கினால் நெளிவதற்குக் கோடே இருக்காது. இதில் இழப்பு என்று ஒன்றும் இல்லை, 1.3 பிக்சல் ஜோடியை 1080 படம் எப்படியும் தாங்காது. பொத்தானும் மடிப்பும் அதைவிடப் பெரியவை, அவை அப்படியே இருக்கும். முகம் மாஸ்குக்கு வெளியே.

இதையே கேமராவுக்குள்ளும் செய்யலாம். சென்சாருக்கு முன்னால் ஆப்டிகல் லோ பாஸ் ஃபில்டர் இருக்கும் கேமரா இதே வேலையை ஒளியிலேயே செய்துவிடுகிறது. கூர்மை வேண்டும் என்று அந்தக் கண்ணாடியை எடுத்துவிட்ட மாடல்களில் சட்டை சேட்டை கூடுதல். 2008இல் வந்த கேனான் 5டி மார்க் 2 போன்ற பழைய டிஎஸ்எல்ஆர்களில் வேறு சிக்கல். அவை சென்சாரின் எல்லா வரிகளையும் படிக்காமல் இடையில் விட்டுவிட்டு வீடியோ எடுத்தன. அந்தக் காலத்துக் கல்யாண வீடியோக்களில் சரிகைப் புடவை மினுங்குவது அதனால்தான். அவற்றில் லூமாவும் சேர்ந்து கெட்டிருக்கும் என்று எதிர்பார்த்தே உட்காருங்கள்.

டாக்டரின் பேட்டிக்கு

க்ளோஸ் ஷாட்டுகளைத் தொடவேண்டாம். 1080க்குச் சுருக்கினாலும் அங்கே ஒரு ஜோடிக்கு 3.2 பிக்சல் இருக்கிறது.

மிட் ஷாட்டில் முதல் நோடில் நிற ப்ளர், காலரிலிருந்து உள்ளே இழுத்த மாஸ்க், காலருக்குத் தனியாகச் செறிவு குறைப்பு. தோளுக்குச் சின்ன மாஸ்க், அதில் `Mid/Detail` குறைப்பு. கடைசியில் சட்டை முழுக்க ஒரு பிக்சல் லூமா ப்ளர், பிறகு 1080. இந்த மாஸ்குகள் எல்லாம் மைக்கின் க்ளிப்பைப் பிடித்த ஒரே ட்ராக்கைப் பகிர்ந்துகொள்ளலாம். வைட் ஷாட்டைத் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் ஒதுக்கி, அந்தச் சில நொடிகளுக்கு மட்டும் கோடில்லாத சட்டை செய்யலாம். பேட்டி முழுக்க வைட் ஒன்றே இருக்கிறது, வேறு கோணமே இல்லை என்றால், அரை நாள் வேலையையும் மறுபடி படம் எடுக்கும் செலவையும் எடை போட வேண்டிவரும். டாக்டர் உள்ளூர்க்காரராக இருந்து ஒற்றை நிறச் சட்டையோடு ஒரு மணி நேரம் வந்து உட்காரத் தயார் என்றால், நான் மறுபடி எடுக்கத்தான் சொல்வேன்.

4கேயாகவே ஏற்றுவதானால் கோட்டை அப்படியே விடலாமா என்ற கேள்வி வரும். யூடியூப் அதே வீடியோவை 1080, 720, 480 என்று சின்ன அளவுகளிலும் செய்து வைக்கிறது, கைபேசியில் பலர் பார்ப்பது அந்தச் சின்ன அளவுகளைத்தான். 4கேயில் சுத்தமாக இருந்த 2.6 பிக்சல் கோடு அங்கே சுருங்கும்போது எப்படி நடந்துகொள்ளும் என்பது உங்கள் கையில் இல்லை. எனவே 4கே பதிப்பிலும் சட்டையின் கோட்டைக் கொஞ்சம் அடக்கியே அனுப்புவது நல்லது. முப்பது நொடித் துண்டு ஒன்றை Unlisted ஆக ஏற்றி, தரத்தை 480க்கு மாற்றி, கைபேசியில் ஓட்டிப் பாருங்கள். அங்கே தோள் நெளிந்தால், தோள் பகுதியில் மட்டும் லூமா ப்ளரின் சிக்மாவை 2க்கு ஏற்றி மறுபடி ரெண்டர் போடுங்கள்.